காத்தான் சத்திரத்தில் சோறு எப்போது வரும்? ஒரு சிலேடைப் பாட்டைப் பிரித்துப் பார்க்கும் முறை

சிலேடை என்றதும் பலரும் அகராதியைத் திறக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் சிலேடை, அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பள்ளியில் பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் பல வருஷம் படித்தேன். சிரிப்புப் பாட்டுகளில் இந்த முறை பாதி வழியிலேயே கையை விரித்துவிடும். பல சமயம் அங்கே எந்தச் சொல்லுக்கும் இரண்டு பொருள் இருக்காது. சொல்லாமல் விட்ட இடத்தில்தான் இரண்டாவது பொருள் ஒளிந்திருக்கும்.

இதைக் காட்டக் காளமேகப் புலவரின் ஒரே ஒரு வெண்பாவை எடுத்துக்கொள்கிறேன். காளமேகம் 15-ஆம் நூற்றாண்டுக்காரர். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவர் நடத்திய சத்திரத்துக்கு ஒருநாள் பசியோடு போய்ச் சேர்ந்தார், சாப்பாடு வர வெகுநேரம் ஆனது, கோபத்தில் இதைப் பாடினார் என்று கதை. காத்தான் பதறிப்போய்க் கெஞ்ச, "உன்னைப் புகழ்ந்துதானப்பா பாடினேன்" என்று அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னாராம்.

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

முதலில் நோட்டில் பாட்டை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் கீழே நாலு விரல் இடம் விடுங்கள். அச்சுப் புத்தகங்களில் "போதில்" என்பது சில இடத்தில் "போது" என்று இருக்கும். இரண்டும் பொருளில் ஒன்றே என்பதால் இங்கே கவலையில்லை. ஆனால் வேறு பாட்டு எடுக்கும்போது இரண்டு பதிப்பையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் சிலேடை செத்துப்போகும். இல்லாத சிலேடை முளைக்கவும் செய்யும்.

வாய்விட்டுப் படித்து, மேலோட்டமான பொருளை முழுதாக எழுதுங்கள்

சிலேடையைத் தேடுவதற்கு முன், பாட்டு நேராக என்ன சொல்கிறது என்பதைப் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் வரும்படி எழுத வேண்டும். அவசரப்பட்டு இதைத் தாண்டிவிட்டால் பின்னால் எல்லாம் குழம்பும். இந்தப் பாட்டுக்கு நான் எழுதியது இது:

"கத்துகிற கடல் சூழ்ந்த நாகையில், காத்தானின் சத்திரத்தில், பொழுது சாயும்போதுதான் அரிசியே வரும். அதைக் குத்தி உலையில் போடும்போது ஊரே உறங்கிப்போகும். ஓர் அகப்பைச் சோற்றை இலையில் போடும்போது விடிவெள்ளி முளைக்கும்."

எழுதி முடித்ததும் இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சோறு தாமதம் என்பது மட்டும் சிரிப்பாகாது. பாட்டுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. சூரியன் மறைவது, ஊர் அடங்குவது, வெள்ளி முளைப்பது என்று மூன்று மணி அடிக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் சமையல் ஒரே ஒரு படிதான் நகர்கிறது. அரிசி, உலை, இலை. இரவு முழுக்கப் போய், கடைசியில் இலையில் விழுவது எவ்வளவு? ஓர் அகப்பை. பந்தியில் உட்கார்ந்து சாம்பார் வாளி எப்போது நம் பக்கம் திரும்பும் என்று பார்த்தவர்களுக்கு அந்த "ஓர்" எவ்வளவு கொடுமை என்று தெரியும்.

இந்த மேலோட்டப் பொருள் முழுமையானதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எனக்கு ஓர் இடம் உறுத்தியது: "குத்தி". அரிசி வந்துவிட்டதே, அப்புறம் எதைக் குத்துவது? நெல்லைத்தானே குத்துவார்கள்? வெண்பாவில் இரண்டாம் அடியின் கடைசியில் கோட்டுக்கு அப்பால் தனியே நிற்கும் சொல் அது. கத்து, அத்த என்ற எதுகைக்கு இணையாக ஒரு சொல் தேவைப்பட்டது, குத்தியைப் போட்டுவிட்டார் என்று நினைத்து விட்டுவிட்டேன். இது தப்பு என்று பின்னால் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

வினைச்சொற்களை மட்டும் வட்டமிட்டு, "எது?" என்று கேளுங்கள்

புதிதாகப் பழகுகிறவர்கள் பெயர்ச்சொற்களில் சிலேடை தேடுவார்கள். நான் சொல்வது, முதலில் வினைகளுக்குப் போங்கள். இந்தப் பாட்டில் அத்தமிக்கும், வரும், குத்தி, இட, அடங்கும், மறுபடி இட, எழும் என்று ஏழு இடம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எழுவாய் பாட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

வருவது அரிசி. அது பாட்டிலேயே இருக்கிறது. அத்தமிப்பது எது? பாட்டில் இல்லை. அஸ்தமனம் என்றதும் நாம் சூரியனைப் போட்டுக்கொண்டோம். அடங்குவது ஊர். இருக்கிறது, ஆனால் ஊரில் எது அடங்குகிறது? சத்தமா, விளக்கா, ஆட்களா? எழுவது வெள்ளி. இருக்கிறது, ஆனால் எங்கிருந்து, எதற்காக எழுகிறது என்று இல்லை.

தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது சாதாரணம். "வந்தாச்சா?" என்று கேட்டால் யார் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தைத்தான் புலவர் பயன்படுத்திக்கொள்கிறார். காலியாக விட்ட இடத்தைக் கேட்பவர் தாமாகவே ஒன்றால் நிரப்பிக்கொள்கிறார். பிறகு புலவர் அதை உருவிவிட்டு வேறொன்றை வைக்கிறார். அத்தமித்தது சூரியன் இல்லை, நாட்டில் உணவு. அடங்கியது ஊரின் சத்தம் இல்லை, ஊரின் பசி.

காத்தானிடம் சொன்ன இரண்டாவது பொருள் இப்படி வரும்:

"நாடெங்கும் உணவு அற்றுப்போகும் பஞ்ச காலத்திலும் காத்தான் சத்திரத்துக்கு அரிசி வரும். அதைக் குத்தி உலையில் போட்டதால் ஊரின் பசி அடங்கும். ஓர் அகப்பைச் சோற்றை இலையில் இட்டாலே, அதன் வெண்மைக்கு முன்னால் நிற்க முடியாமல் வெள்ளி எழுந்து போகும்."

கடைசி அடியை "வெள்ளி முளைத்ததுபோல வெண்மை எழும்" என்று சொல்பவர்களும் உண்டு. எப்படிச் சொன்னாலும், அடிப்படை சோற்றின் வெண்மை.

"இட" என்ற இரண்டெழுத்தைப் பிடியுங்கள்

மேலே எழுதிய இரண்டு பொருளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் "உலையில் போடும்போது ஊர் உறங்கும்". இரண்டாவதில் "உலையில் போட்டதால் பசி அடங்கும்". பாட்டில் இருப்பதோ ஒரே சொல்: இட. அது எப்படி ஒருமுறை "போடும்போது" ஆகவும் மறுமுறை "போட்டதால்" ஆகவும் ஆனது?

இலக்கணத்தில் இதைச் செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பார்கள். பெயரை மறந்தாலும் இரண்டு உதாரணம் நினைவிருந்தால் போதும். "ஞாயிறு பட வந்தான்" என்றால் சூரியன் மறையும் நேரத்தில் வந்தான் என்று பொருள். சூரியன் மறைந்தது அவன் வந்ததற்குக் காரணம் இல்லை, இரண்டும் ஒரே சமயம் நடந்தன, அவ்வளவுதான். "மழை பெய்யக் குளம் நிறைந்தது" என்றால் மழை பெய்ததால் குளம் நிறைந்தது. அங்கே காரணம். பட, பெய்ய, இட எல்லாம் ஒரே வகைச் சொல். நேரத்தையும் காட்டும், காரணத்தையும் காட்டும்.

காளமேகத்தின் பாட்டு முழுவதும் இந்த அச்சில்தான் திரும்புகிறது. வசவுப் பொருளில் இரண்டு "இட"வும் நேரம். புகழ்ச்சிப் பொருளில் இரண்டு "இட"வும் காரணம். உலைக்கும் ஊருக்கும் முதலில் சம்பந்தமே இல்லை. ஊர் அது பாட்டுக்குத் தூங்குகிறது, இங்கே உலை கொதிக்கிறது. இரண்டாவதில் உலைதான் ஊரை அடக்குகிறது. அகராதியில் எத்தனை தேடினாலும் இது கிடைக்காது. ஏனென்றால் "இட" என்பதற்கு இரண்டு இடத்திலும் அகராதிப் பொருள் ஒன்றே.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. வினையை மாற்றி எழுதிப் பாருங்கள். "உலையில் இடும்போது ஊரடங்கும்" என்று எழுதினால் புகழ்ச்சி மங்கிவிடும். "உலையில் இட்டதால் ஊரடங்கும்" என்று எழுதினால் வசவு செத்துவிடும். ஒரு சொல்லை மாற்றியதும் ஒரு பொருள் உதிர்ந்தால், சிலேடை அந்தச் சொல்லில்தான் இருந்தது என்று உறுதி.

இதே சோதனையை வரும், அடங்கும், எழும் மூன்றிலும் செய்யலாம். அரிசி வந்தது, ஊரடங்கியது, வெள்ளி எழுந்தது என்று இறந்த காலத்தில் போட்டால் ஒருநாள் ராத்திரி நடந்த புகார் ஆகிவிடும். புலவர் "வரும்" என்றதால் தினமும் இப்படித்தான் என்ற தொனி கிடைக்கிறது. வசவு அதனால் கூர்மையாகிறது. பிறகு அதே "வரும்", என்றைக்கும் வற்றாத சத்திரம் என்று புகழவும் தோதாக நிற்கிறது.

கிடைத்த பொருள்களையெல்லாம் வைத்துக்கொள்ளாதீர்கள்

சிலேடை பார்க்கக் கற்றுக்கொண்ட புதிதில் எல்லா இடத்திலும் சிலேடை தெரியும். இது எல்லோருக்கும் வருகிற காய்ச்சல். ஒரு பொருள் தோன்றினால், அந்தச் சொல்லுக்கு அருகில் பென்சிலால் எழுதிவிட்டுக் கொஞ்சம் இம்சை பண்ணிப் பார்க்க வேண்டும்.

"வெள்ளி" என்றால் உலோகம், கிழமை, கோள் என்று மூன்று பொருள். வெள்ளிக்கிழமை என்று எடுக்கலாமா? ஓர் அகப்பைச் சோறு விழுவதற்குள் வெள்ளிக்கிழமையே வந்துவிடும் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கிழமை வரும், பிறக்கும், விடியும். எழாது. பக்கத்து வினை அதை ஏற்கவில்லை. உலோகமும் எழாது. கோள் மட்டுமே எழும். ஒரு பெயர்ச்சொல்லுக்கு எத்தனை பொருள் இருந்தாலும் அதன் வினை எதைத் தாங்குகிறதோ அதுதான் பாட்டுக்குள் நிற்கும்.

"அன்னம்" பறவையும்தான். அகப்பையில் பறவையை அள்ளி இலையில் வைக்க முடியாது. ஆனால் புகழ்ச்சிப் பொருளில் வெண்மை பேசப்படுகிறது, அன்னப் பறவையும் வெள்ளை. இதை நான் சிலேடை என்று எழுத மாட்டேன். காதோரம் ஒரு நிழல் விழுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்வேன்.

"அத்தமிக்கும்" என்பதை அத்தம் மிக்கும் என்று பிரித்து, அத்தம் என்றால் பொருள், செல்வம், ஆகவே செல்வம் மிகும்போது அரிசி வரும் என்று ஒரு நண்பர் வாதாடினார். கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் அப்படிப் பிரித்தால் நடுவில் இன்னொரு மகர ஒற்று வரவேண்டும்: அத்தம்மிக்கும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அத்-தம்-மிக்-கும் என்று நாலு அசையாகக் கனத்துவிடும். வெண்பாச் சீர் மூன்று அசைக்கு மேல் தாங்காது. அதோடு "மிகும்" என்பதுதான் வழக்கு, "மிக்கும்" இல்லை. ஓசை, எழுத்து இரண்டும் சேர்ந்து அந்தப் பொருளை வெளியே தள்ளிவிட்டன. யாப்பு தெரியாதவர்கள்கூடக் கைதட்டிப் பாடிப் பார்த்தால் இடறும் இடம் தெரிந்துவிடும்.

அப்புறம், "ஊரடங்கு". 2020-க்குப் பிறகு இந்தப் பாட்டைப் படிக்கும் எவருக்கும் போலீஸ் நிற்கும் வெறும் தெரு மனதில் வராமல் இருக்காது. அது நம் காலத்தின் சொல், நமக்குள் எழும் சிரிப்பு. காளமேகம் வைத்தது இல்லை. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதாமல் இருந்தால் போதும்.

பேர் விஷயம் ஒன்று பாக்கி. காத்தான் என்றால் காப்பாற்றினான். புகழ்ச்சிக்கு அருமையாகப் பொருந்துகிறது. காத்தல் என்பதற்குக் காத்துக்கிடத்தல் என்றும் பொருள் உண்டு. அப்படியானால் காத்தான் சத்திரம் என்றால் காத்துக் கிடக்கும் சத்திரமா? எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சத்திரக்காரரின் பேர். புலவர் தேர்ந்தெடுத்த சொல் இல்லை. என் நோட்டில் அங்கே இன்னமும் ஒரு கேள்விக்குறி நிற்கிறது. கேள்விக்குறியோடு விடுவதில் தப்பில்லை.

"கத்துகடல்" இன்னொரு வகை. இரண்டு பொருளிலும் கடல் கத்தத்தான் செய்கிறது. ஆனால் முழங்குகடல் என்றோ ஒலிகடல் என்றோ சொல்லாமல், பசித்தவன் காதுக்குக் கடலும் கத்துவதுபோலத் தொடங்குகிறது பாட்டு. இது சிலேடை இல்லை, தொனி. இதையும் தனிப் பத்தியில் வையுங்கள்.

குத்தியைப் பற்றி

ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது இந்தப் பாட்டை அத்தையிடம் படித்துக் காட்டினேன். அத்தை கல்யாணச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். எழுபது வயதுக்கு மேல். கடைசி அடி வரை கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் என் பெரிய கண்டுபிடிப்பைச் சொன்னேன்: "அரிசி வந்தப்புறம் எதுக்கு அத்தை குத்தணும்? எதுகைக்காகப் போட்டிருக்கார்."

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மில்லு அரிசி தின்னு வளர்ந்தவன் பேசுற பேச்சா இருக்கு. உமி போனா சோறாயிடுமா? தவிடு போக இன்னொருதரம் குத்தணும்டா. அப்பத்தான் வெள்ளையா வரும்."

நான் நோட்டை எடுத்துப் பழைய குறிப்பை அடித்துவிட்டேன். உமி நீங்கிய அரிசி பழுப்பாகவே இருக்கும். உரலில் போட்டுத் தீட்டத் தீட்டத் தவிடு கழன்று வெண்மை வரும். அப்படிப் பார்த்தால் "குத்தி" இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்கிறது. வசவில், இருட்டிய பிறகு வந்த அரிசியும் தயார் அரிசி இல்லை, இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது, இன்னொரு தாமதம். புகழ்ச்சியில், அத்தனை நன்றாகத் தீட்டியதால்தான் கடைசி அடியில் சோறு வெள்ளியைத் தோற்கடிக்கும் அளவுக்கு வெளுத்திருக்கிறது. நாலாம் அடியின் வெண்மைக்கு இரண்டாம் அடியின் ஓரத்திலேயே உலக்கை விழுந்துவிட்டது.

காளமேகமே முதலில் ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் சமையல் வேலை பார்த்தவர் என்று அவரைப் பற்றிய கதைகள் சொல்கின்றன. கதை நிஜமோ என்னவோ, இந்தப் பாட்டை எழுதியவருக்கு அடுப்படி தெரிந்திருக்கிறது. ஆகவே ஒரு சொல் உபரியாகத் தோன்றினால் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடாமல், அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் பாட்டைப் படித்துக் காட்டுங்கள்.

இரண்டு பொருளும் சம எடையா என்று நிறுத்துப் பாருங்கள்

பலர் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. இரண்டு பொருளையும் எழுதிவிட்டு, "ஆகவே இது சிலேடை" என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் சிரிப்புப் பாட்டில் எந்தப் பொருள் முன்னால் வருகிறது, எது பின்னால் இழுத்து வரப்படுகிறது என்பதே பெரிய விஷயம்.

அதற்கு நான் செய்வது இது. ஒவ்வொரு பொருளுக்கும் பாட்டில் இல்லாத சொற்களை எத்தனை சேர்த்தேன் என்று எண்ணுவேன். வசவுக்கு நான் சேர்த்தது சூரியன் மட்டும். அதுவும் அத்தமித்தல் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. புகழ்ச்சிக்கோ உணவு, பசி, வெண்மை, அதைப் பார்த்து வெள்ளிக்கு வந்த வெட்கம் என்று நாலு சேர்க்க வேண்டியிருந்தது. ஆக, வசவு தானாக நிற்கிறது. புகழ்ச்சிக்கு முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதைப் பாட்டின் குறை என்று எழுதினால் தப்பு செய்கிறீர்கள். புகழ்ச்சி நொண்டுவதுதான் இங்கே சிரிப்பு. காத்தானுக்கும் அது நொண்டுவது தெரியும், புலவருக்கும் தெரியும், சுற்றி நிற்பவர்களுக்கும் தெரியும். ஆனாலும் இலக்கணப்படி மறுக்க முடியாது. புகழ்ச்சி கச்சிதமாகப் பொருந்தியிருந்தால் வசவின் காரம் போயிருக்கும். பொருந்தவே பொருந்தாவிட்டால் புலவர் மாட்டிக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் நடுவில் நூல் பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

சம எடையில் நிற்கும் பாட்டும் உண்டு. அதே காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் வைத்தார். அங்கே எது முன்னால், எது பின்னால் என்ற கேள்வியே இல்லை. இரண்டையும் அவரே பாட்டில் பேர் சொல்லிவிடுகிறார். அதில் ஒரு துண்டு:

பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்

எள்ளை ஆட்டினால் மிஞ்சுவது பிண்ணாக்கு. பாம்புக்கு இருப்பது பிள் நாக்கு, அதாவது பிளந்த நாக்கு. பிள்ளும் நாக்கும் சேர்ந்தால் ளகர ஒற்றும் நகரமும் கலந்து ண்ணா ஆகிவிடும், ஆகவே எழுத்திலும் பிண்ணாக்கு, பேச்சிலும் பிண்ணாக்கு. சொல்லை உடைத்தால்தான் இரண்டாவது பொருள் வரும். இப்படி உடைத்துப் பார்ப்பதைப் பிரிமொழிச் சிலேடை என்றும், உடைக்காமலே இரண்டு பொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்றும் தண்டியலங்காரம் சொல்கிறது. அதே பாட்டில் "ஆடி" என்பது செம்மொழி. பாம்பு ஆடும், எள் செக்கில் ஆடும். சொல் உடையவில்லை.

நாகைப் பாட்டை இந்த இரண்டு பெட்டியில் எதில் போடுவது என்று கேட்டால், கறாராகச் சொன்னால் செம்மொழி. ஆனால் "ஆடி" மாதிரிச் சொல்லுக்கே இரண்டு தொழில் இருப்பதற்கும், "இட" மாதிரி வாக்கியத்தின் கீல் இரண்டு பக்கம் திரும்புவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பெட்டியின் பேரை எழுதிவிட்டு நிறுத்தாமல், எது திரும்பியது என்றும் எழுதுங்கள்.

பாடிக் கேட்கிற பாட்டாக இருந்தால்

மேலே சொன்னதெல்லாம் அச்சில் படிக்கிற பாட்டுக்கு. மேடையிலோ படத்திலோ பாடுகிற வேடிக்கைப் பாட்டை எடுத்தால், அச்சிட்ட வரியை வைத்துக்கொண்டு மட்டும் உட்காராதீர்கள். தமிழ் எழுத்து மறைக்கிற ஒன்றைக் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"இந்த வேலைக்குப் பலகை வேணும்" என்று ஒரு வரி என்று வைத்துக்கொள்வோம். மரப்பலகையா, பல கைகளா? எழுத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, இடைவெளி மட்டும்தான் வித்தியாசம். ஆனால் மரப்பலகையில் ககரம் சொல்லுக்கு நடுவில் வருவதால் மெலிந்து ஒலிக்கும். பல கை என்று சொல்லும்போது கை சொல்லின் தொடக்கம், ககரம் அழுத்தமாக விழும். பாடுகிறவர் எப்படி உச்சரிக்கிறாரோ அந்தப் பொருள் முந்திக்கொள்ளும். கெட்டிக்காரப் பாடகர் முதல் தடவை மெலிதாகவும், பல்லவி திரும்பும்போது அழுத்தியும் பாடுவார். சிரிப்பு இரண்டாவது தடவைதான் வரும்.

ஆகவே பாட்டை மூன்று முறையாவது கேளுங்கள். எந்த எழுத்தில் மூச்சு நிற்கிறது, எந்த எழுத்தைத் தாளம் அடிக்கிறது என்று வரிக்கு மேலே ஒரு சின்னக் கோடு போடுங்கள். கோடு விழுந்த இடத்தில் சொல் உடைகிறதா என்று பார்த்தால் போதும்.

நாகைப் பாட்டையும் ஒருதரம் அப்படிப் பாடிப் பாருங்கள். "அரிசிவரும்" என்பதற்குப் பிறகு நிறுத்தி, "குத்தி" என்பதை அடுத்த அடியோடு சேர்த்துப் பாடினால் வேகமாக உலைக்குப் போய்விடலாம். "அரிசிவரும் குத்தி" என்று அங்கேயே இழுத்து நிறுத்தினால், உலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்க வேண்டியிருக்கும். அத்தைக்கு இப்படித்தான் பாடிக் காட்டினேன். "இலை போட்டாச்சாடா?" என்று கேட்டார்.